உம்மாவின் துஆவும் கையேட்டின் ஏழு பக்கங்களும்

கேள்வி: மௌலவி அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அடுத்த மாதம் என் உம்மாவை உம்றாவுக்கு அழைத்துச் செல்கிறேன். அவருக்கு வயது 68. தமிழ் நன்றாக வாசிப்பார். குர்ஆனில் சிறிய சூறாக்கள்தான் பாடம். எங்கள் குழுவில் தந்த கையேட்டில் தவாஃபின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பக்க துஆ தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு மாதமாகப் பாடமாக்கிப் பார்க்கிறார், இரண்டாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. "எனக்கு இது வராது மகன், தமிழில கேட்டா என்ட உம்றா கூடாமப் போயிடுமா?" என்று அழுகிறார். தொழுகையில் தமிழில் கேட்கக் கூடாது, அதுபோலத்தான் இதுவும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார். ஸஃயுக்கும் இதே கதிதானா? – ஒரு மகன், நாவலப்பிட்டி.

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம். உம்மாவின் உம்றா கூடும். தமிழில் கேட்டாலும் கூடும். இன்னும் சொல்லப்போனால், ஏழு சுற்றிலும் வாய் திறக்காமல் மௌனமாக நடந்தாலும் கூடும். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் தவாஃப் நிறைவேறுவதற்கு வுழூ வேண்டும், உடல் மறைந்திருக்க வேண்டும், ஹஜருல் அஸ்வத் மூலையில் தொடங்க வேண்டும், கஃபா இடப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஹிஜ்ரு என்னும் அரைவட்டச் சுவருக்கு வெளியே நடக்க வேண்டும், ஏழு சுற்று முழுமையாக வேண்டும். ஸஃயு தவாஃபுக்குப் பின் வர வேண்டும், ஸஃபாவில் தொடங்கி மர்வாவில் முடிய வேண்டும், ஏழு தடவை நடந்திருக்க வேண்டும். இந்த இரண்டு பட்டியலிலும் நாவுக்குரிய நிபந்தனை ஒன்றுகூட இல்லை. பிறவியிலேயே பேச்சு வராத ஒருவரின் தவாஃபும் உங்களுடைய தவாஃபும் நிறைவேறுவதில் சமம். அங்கே சொல்லும் வார்த்தைகள் எல்லாம் சுன்னத்துகள். சொன்னால் நன்மை உண்டு, விட்டால் வணக்கம் முறியாது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னது முழுக்கத் தவறல்ல, இடம் மாறிப் போன சரி. தொழுகைக்குள்ளே ஒருவர் தானாக அமைத்த துஆவை அரபு அல்லாத மொழியில் கேட்டால் தொழுகை முறிந்துவிடும் என்பது நம் மத்ஹபின் சட்டம். தொழுகை தக்பீரில் தொடங்கி ஸலாமில் முடியும் வரை மனிதப் பேச்சுக்கு மூடப்பட்ட ஒன்று என்பதே அதற்குக் காரணம். தவாஃப் அப்படி மூடப்பட்டதல்ல. இறை இல்லத்தைச் சுற்றுவது தொழுகையைப் போன்றது, ஆனால் அதில் பேச அல்லாஹ் அனுமதித்திருக்கிறான், பேசுபவர் நல்லதையே பேசட்டும் என்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் வழியாக வந்திருக்கிறது. நடந்துகொண்டிருக்கும்போது உம்மா உங்கள் பக்கம் திரும்பி, "முழங்கால் இழுக்குது மகன், கொஞ்சம் மெல்லப் போ" என்று சொன்னால் தவாஃபுக்கு ஒன்றும் ஆகாது. மகனிடம் தமிழில் பேசலாம் என்றிருக்கும் ஓர் இடத்தில், தன் ரப்பிடம் தமிழில் பேசக் கூடாது என்று எப்படி வரும்?

ஆனால் பெரியவரின் சட்டம் திரும்ப உயிர்பெறும் ஓர் இடம் அந்த உம்றாவுக்குள்ளேயே இருக்கிறது. தவாஃப் முடிந்ததும் மகாமு இப்ராஹீமுக்குப் பின்னால், நெருக்கமாக இருந்தால் பள்ளியின் வேறு எந்தப் பகுதியிலாவது, இரண்டு ரக்அத் தொழுகிறோம். அது தொழுகைதான். ஏழு சுற்றும் தமிழில் மன்றாடிவிட்டு அதே உருக்கத்தோடு ஸுஜூதுக்குப் போகும் உம்மா, அங்கேயும் தமிழில் தொடர்ந்துவிட வாய்ப்பு அதிகம். ஸலாம் கொடுக்கும் வரை ஓதத் தெரிந்ததை மட்டும் ஓதச் சொல்லுங்கள். முதல் ரக்அத்தில் காஃபிரூன் சூறாவும் இரண்டாவதில் இக்லாஸ் சூறாவும் ஓதுவது சுன்னத்; இரண்டும் அவருக்குப் பாடமாகவே இருக்கும். ஸலாம் கொடுத்த பின் மீண்டும் தமிழ்.

இனி கையேட்டைப் பற்றி. சுற்றுக்கு ஒன்றாக ஏழு துஆக்கள் என்ற பகுப்பு நபி (ஸல்) அவர்களிடமிருந்து வந்ததல்ல. ஹஜருல் அஸ்வதை அடையும்போதெல்லாம் தக்பீர் சொன்னதும், ருக்னுல் யமானிக்கும் ஹஜருல் அஸ்வதுக்கும் இடையில் "ரப்பனா ஆதினா" ஓதியதும்தான் அவர்களின் தவாஃபிலிருந்து நமக்குத் தெளிவாக வந்து சேர்ந்தவை. பின்வந்த அறிஞர்கள் தவாஃபின் தொடக்கத்துக்கும் கஃபாவின் வாசல் பக்கத்துக்கும் சில வாசகங்களை விரும்பினார்கள். நம் ஃபிக்ஹு நூல்களிலும் அவை இருக்கின்றன. கையேடு அச்சிட்டவர்கள் அவற்றோடு வேறு நல்ல துஆக்களையும் சேர்த்து, பயணிகளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஏழாகப் பிரித்திருக்கிறார்கள். பொருள் விளங்கி ஓதுபவருக்கு அதில் தடையில்லை. மூன்றாம் சுற்றின் துஆவை நான்காம் சுற்றில் ஓதிவிட்டேன், திரும்பச் சுற்ற வேண்டுமா என்று கேட்கும் நிலைக்கு ஆட்களைக் கொண்டுவந்து விட்டதுதான் அதன் கேடு. இந்தக் கேள்வி என்னிடம் வராத ஹஜ் காலமே இல்லை.

எது சிறந்தது என்ற வரிசை ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் சொல்லும்படி, தவாஃபில் நபிவழியாக வந்த துஆவே முதலிடம் பெறும். அடுத்தது குர்ஆன் ஓதுவது. நாமாக அமைத்துக் கேட்கும் துஆ அதற்கும் அடுத்தது. ஆகவே முழுக்க முழுக்கத் தமிழ் மட்டும் என்று நான் சொல்லவில்லை. உம்மாவுக்குத் தெரிந்த ஃபாத்திஹாவும் இக்லாஸும் ஸலவாத்தும் "ஸுப்ஹானல்லாஹ்", "அல்ஹம்துலில்லாஹ்" போன்ற திக்ருகளும் அந்த நடையில் இருக்கட்டும். இடையிடையே தீனுக்கும் துன்யாவுக்குமாக விரும்பியதைக் கேட்கலாம் என்று அதே மத்ஹபின் நூல்கள் சொல்கின்றன. அந்த இடம் தமிழுக்குரியது.

தமிழ் எழுத்தில் அச்சிட்ட அரபியை நம்பிப் பாடமாக்குவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உள்ளங்களைப் புரட்டுபவனே, என் உள்ளத்தை உன் மார்க்கத்தில் நிலைப்படுத்து என்ற பொருளுடைய நபிமொழி துஆவில் "கல்பீ" என்ற சொல் வரும். அடித்தொண்டையிலிருந்து எழும் காஃப் எழுத்தில் அது "என் உள்ளம்". நாவின் பின்பகுதியில் மெல்லப் பிறக்கும் மற்றக் காஃபில் சொன்னால் "என் நாய்" ஆகிவிடும். தமிழில் இரண்டுக்கும் ஒரே "க"தான். முயன்றும் நா திரும்பாதவரை அல்லாஹ் பிடிப்பதில்லை. அவர் எதைக் கேட்க நினைத்தார் என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் பொருளும் தெரியாமல், ஒலியும் சரியாக வராமல் ஒரு பக்கத்தை ஒப்பிப்பது, பொருள் தெரிந்து தமிழில் கேட்பதைவிட எந்த விதத்தில் மேல் என்று எனக்கு விளங்கவில்லை. நம் பாட்டிமார் அரபு எழுத்தில் தமிழை எழுதி அரபுத்தமிழாக மார்க்கம் படித்தார்கள். எழுத்து அரபாக இருந்தாலும் விளங்கியது தமிழில்தான். நாம் அதைத் தலைகீழாக்கி, தமிழ் எழுத்தில் விளங்காத அரபை வாசிக்கிறோம்.

என் சொந்த அனுபவம் ஒன்று. மத்ரஸாவில் ஓதி முடித்த பின், முதல் உம்றாவுக்குப் போனபோது நானும் கையேட்டுடன்தான் தவாஃபில் இறங்கினேன். எந்தச் சுற்று என்பதைப் பக்கத்தை வைத்தே எண்ணினேன். வியர்வையில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் திரும்பின. நான் "ஐந்தாம் சுற்று" என்ற தலைப்பைப் பார்த்தபோது, நடந்தது நான்கா மூன்றா என்று தெரியவில்லை. சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணிக்கையை எடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே மூன்று என்று வைத்து மீதியை நடந்தேன். அப்போதுதான், அதுவரை ஒரு தடவைகூடக் கஃபாவை நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதும் உறைத்தது. எண்ணிக்கைக்குக் கைவிரல் போதும். உம்மா மறந்தாலும் நீங்கள் எண்ணிக்கொள்ளுங்கள்.

ஏழு சுற்றுக்கும் ஏழு தமிழ் துஆ எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தந்திருக்க மாட்டேன், அது இன்னொரு கையேடாகிவிடும். ஒரே ஒரு சுற்றை மட்டும் உம்மாவுடன் மனதில் நடந்து பாருங்கள்.

ஹஜருல் அஸ்வத் மூலைக்கு நேராகப் பள்ளியின் சுவரில் பச்சை விளக்கு எரியும். அந்த நேருக்கு வந்ததும் கல்லின் பக்கம் கையைக் காட்டி "பிஸ்மில்லாஹி வல்லாஹு அக்பர்" என்று சொல்லித் தொடங்குங்கள். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு "அல்லாஹு அக்பர்" போதும். கஃபா இடத்தோளுக்கு வந்துவிட வேண்டும். கல்லைத் தாண்டியதும் வாசல் வரும். இங்கிருந்து நாவு உம்மாவுடையது. அல்லாஹ்வைப் புகழ்ந்து, நபியின் மீது ஸலவாத்துச் சொல்லி, பிறகு தேவையைத் தொடங்கலாம். "யா அல்லாஹ், இவ்வளவு தூரம் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாய், உனக்கே புகழ்" என்பதே நல்ல தொடக்கம். அடுத்த மூலையைக் கடந்தால் ஹிஜ்ரின் அரைவட்டச் சுவர். அதற்கு வெளியே சுற்றிப் போகும்போதும் அதே பேச்சுத் தொடரலாம். இங்கே ஒரு தவறு நடக்கும். மன்றாட்டின் உருக்கத்தில் கையை ஏந்தி, நெஞ்சைக் கஃபாவின் பக்கம் திருப்பி, அப்படியே கூட்டத்தோடு பக்கவாட்டில் நகர்ந்துவிடுவார்கள். கஃபா முன்னால் வந்துவிட்டதால் அந்த அடிகள் எண்ணப்படமாட்டா. திரும்பிய இடத்துக்கு வந்து மறுபடி நடக்க வேண்டும், கூட்டம் விடாவிட்டால் அந்தச் சுற்றை முழுமையாகத் திரும்பச் செய்ய வேண்டும். முகத்தை மட்டும் திருப்பிப் பார்ப்பதில் குற்றமில்லை. தோள் திரும்புகிறதா என்பதைப் பின்னால் நடக்கும் நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது மூலையான ருக்னுல் யமானியை அடைந்ததும் சொந்தப் பேச்சை நிறுத்திவிட்டு, ஹஜருல் அஸ்வத் வரும் வரை "ரப்பனா ஆதினா ஃபித்துன்யா ஹஸனதன் வஃபில் ஆகிரதி ஹஸனதன் வகினா அதாபன்னார்" என்று ஓதட்டும். சிறு வயதில் ஓதப்பள்ளியிலேயே பாடமாகியிருக்கும் துஆதான் இது. எங்கள் ரப்பே, இம்மையிலும் எங்களுக்கு நல்லதைத் தா, மறுமையிலும் நல்லதைத் தா, நரக வேதனையிலிருந்து எங்களைக் காப்பாற்று என்பது பொருள். பகரா அத்தியாயத்தின் 201ஆம் வசனம் இது. ஹஜ்ஜைப் பற்றிய வசனங்களுக்கு நடுவில்தான் வருகிறது. இதற்கு முந்திய வசனம், இம்மையை மட்டும் கேட்டுவிட்டு மறுமையில் பங்கில்லாமல் போகிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், கடைக் கடன் அடைய வேண்டும், பேத்திக்கு நல்ல இடம் அமைய வேண்டும், மண்சரிவு எச்சரிக்கை வந்த வளவை விட்டு மாறிப் போக ஒரு வீடு வேண்டும் என்றெல்லாம் கேட்பது கீழான கேட்பல்ல என்பதும், அதோடு நின்றுவிடுவதுதான் குறை என்பதும் புரியும்.

நீளமாகக் கேட்கத் தெரியவில்லையே என்ற கவலையும் வேண்டாம். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் தவாஃபில் "யா அல்லாஹ், என் மனத்தின் கஞ்சத்தனத்திலிருந்து என்னைக் காப்பாற்று" என்பதற்கு மேல் எதையும் கூட்டாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்ததாக தஃப்ஸீர் நூல்களில் ஒரு செய்தி இருக்கிறது. பெரும் செல்வந்தர் அவர். தன்னுடைய நோய் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதையே கேட்டார். உம்மாவும் ஒரே வாக்கியத்தை ஏழு சுற்றும் கேட்கலாம்.

சொந்த வார்த்தை என்றதும் நம் பேச்சுவழக்கின் இரண்டு பழக்கங்களும் கூடவே வந்துவிடும். பிரதேச செயலகத்தில் ஒரு வேலைக்காகப் போனால், "முடியுமெண்டா பாருங்க சேர்" என்று இழுத்துக் கேட்பது நமக்கு மரியாதை. அல்லாஹ்விடம் அது மரியாதையாகாது. "நீ நாடினால் என்னை மன்னித்துவிடு" என்று கேட்காதீர்கள், உறுதியாகக் கேளுங்கள், அவனை நிர்ப்பந்திப்பவர் எவரும் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். "மன்னித்துவிடு", "தா", "சுகப்படுத்து" என்று நேராக முடியட்டும். "நீ" என்று அழைப்பதற்கும் கூச வேண்டாம். தமிழில் ரப்பை அழைக்கும் மரபே அதுதான், "நீங்கள்" என்றால் ஒருமை போய்விடும். மற்றது, மனம் நொந்த ஒரு தாய் கோபத்தில் சொல்லும் சொல். வளவுத் தகராறில் பேசாமல் போன தம்பியையோ மருமகளையோ நினைத்து, அங்கே நின்று வயிறெரிந்து எதையாவது கேட்டுவிடக் கூடாது. உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உங்கள் பொருளுக்கும் எதிராகப் பிரார்த்திக்காதீர்கள் என்றும், பாவத்தையோ உறவை முறிப்பதையோ கேட்காத வரைதான் துஆ ஏற்கப்படும் என்றும் ஹதீஸில் இருக்கிறது. மொழி எதுவானாலும் எல்லை இதுதான்.

குழுவின் வழிகாட்டி உரக்கச் சொல்ல எல்லோரும் திருப்பிச் சொல்வதை உம்மா பார்ப்பார். அதில் சேராமல் போவதால் எதையும் இழக்கமாட்டார். உங்கள் ரப்பைப் பணிவோடும் மெதுவாகவும் அழையுங்கள் என்பது குர்ஆனின் கட்டளை. தனக்கு மட்டும் கேட்கும் குரலில் கேட்டால் பக்கத்தில் நடப்பவரின் துஆவும் கலையாது.

ஸஃயில் நிலைமை இன்னும் இலகு. ஸஃபாவை நெருங்கும்போது "இன்னஸ் ஸஃபா வல் மர்வத மின் ஷஆஇரில்லாஹ்" என்ற வசனத்தை ஓதி, அல்லாஹ் எதைக் கொண்டு தொடங்கினானோ அதைக் கொண்டே தொடங்குகிறேன் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். இது தொடக்கத்தில் ஒரு தடவைதான். ஒவ்வொரு முறை குன்றுக்கு வரும்போதும் ஓதுவது பலர் செய்யும் கூட்டல். பிறகு கஃபாவின் பக்கம் திரும்பி, கையை ஏந்தி, தக்பீரும் "லா இலாஹ இல்லல்லாஹு வஹ்தஹு" என்று தொடங்கும் திக்ரும் சொல்லி, தன் தேவையைக் கேட்க வேண்டும். மறுபடி அதே திக்ரு, மறுபடி துஆ, மூன்றாம் தடவையும் அப்படியே. இமாம் நவவீ அவர்கள் திக்ரு, துஆ இரண்டையும் மும்முறை என்றே சொல்கிறார்கள். நபியவர்களின் ஹஜ்ஜை விவரிக்கும் ஜாபிர் (ரழி) அவர்களின் ஹதீஸில் திக்ரின் வாசகம் சொல்லுக்குச் சொல் இருக்கிறது. அதன் இடையில் கேட்ட துஆவின் வாசகம் இல்லை, துஆ கேட்டார்கள் என்று மட்டுமே இருக்கிறது. அந்த இடத்தை நிரப்புவது கேட்பவரின் தேவை. மர்வாவிலும் இதே ஒழுங்கு.

குன்றுகளுக்கு இடையில் ஒரு தடவை நடப்பது 400 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஏழும் சேர்ந்தால் மூன்று கிலோமீற்றரை நெருங்கும். பச்சை விளக்குகளுக்கு இடையில் ஓடுவது ஆண்களுக்குத்தான், உம்மா தன் நடையிலேயே போகட்டும். அங்கே "ரப்பிஃக்ஃபிர் வர்ஹம்" என்று தொடங்கும் சிறிய துஆவை ஸஹாபாக்கள் சிலர் ஓதியிருக்கிறார்கள். ரப்பே, மன்னித்து இரக்கம் காட்டு என்பது அதன் பொருள். இரண்டே சொற்கள், உம்மாவுக்கு வந்துவிடும்.

இந்த நடை யாருடையது என்பதையும் உம்மாவுக்குச் சொல்லுங்கள். பால்குடி மகன் தாகத்தில் துடிக்க, ஹாஜர் (அலை) அவர்கள் ஆள் தெரிகிறதா என்று இந்தக் குன்றில் ஏறிப் பார்த்து, இறங்கி ஓடி, அந்தக் குன்றில் ஏறிப் பார்த்து, இப்படி ஏழு தடவை நடந்தார்கள். கடைசியாக மர்வாவில் நின்றபோது ஒரு சத்தம் கேட்டது. தமக்குத் தாமே "ஸஹ்" என்றார்கள். நாம் "உஸ்" என்போமே, அதுதான். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "சத்தம் கேட்கச் செய்துவிட்டாய், உதவி ஏதும் உன்னிடம் இருந்தால்..." என்றார்கள். புகாரியில் வரும் இந்தச் செய்தியில் அவர்கள் வாயிலிருந்து அங்கே வந்த வார்த்தைகள் இவ்வளவுதான். ஸம்ஸம் அதற்குப் பிறகு பொங்கியது.

ஆகவே இன்றிரவே பாடமாக்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். எஞ்சியிருக்கும் நாட்களில் ஸஃபாவின் திக்ரை மட்டும் ஒரு நாளைக்கு ஒரு துண்டாக நீங்கள் வாயால் சொல்லிக் கொடுங்கள், தாளைப் பார்த்து வேண்டாம். அது வராமல் போனாலும் "லா இலாஹ இல்லல்லாஹ், அல்லாஹு அக்பர்" என்று சொல்லிக்கொள்ளலாம். துஆச் செய்யுங்கள் என்று ஊரில் சொல்லிவிட்டவர்களின் பெயர்களை ஒரு சிறு துண்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். தவாஃபில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டாம், ஸஃபாவில் நின்று கை ஏந்தும்போது நீங்கள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக வாசியுங்கள், அவர் கேட்கட்டும். கையேடு பெட்டியில் இருக்கட்டும்.